பியூட்டிஷியன் சான்றிதழ்: டிரையல் நாளில் என்ன பார்ப்பார்கள், சொந்த சலூனுக்கு எது செல்லும்?

"ஆறு மாத பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்துவிட்டு ஒரு பார்லரில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். முடி வெட்டுவது, கலர் போடுவது எல்லாம் அங்கேயே பார்த்துப் பழகியதுதான். பெரிய சலூன்களில் 'அங்கீகாரம் உள்ள சான்றிதழ் இருக்கா?' என்று கேட்கிறார்கள். பின்னாளில் சொந்தமாக சலூன் திறக்கவும் ஆசை. மறுபடியும் முதலிலிருந்து படிக்கணுமா?"

பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் கையில் இருக்கும் சான்றிதழை முதலில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதில் கையெழுத்திட்டிருப்பது நீங்கள் படித்த பயிற்சி மையம் மட்டும்தானா, அல்லது அந்த மையத்துக்கு வெளியே தேர்வு வைத்துத் தகுதி வழங்கும் ஓர் அமைப்பா? அங்கீகாரம் என்று சலூன்கள் கேட்பது இந்த இரண்டாவதைத்தான். அப்படிப்பட்ட சான்றிதழில் தகுதியின் பெயர், அதன் நிலை, ஒரு பதிவு எண் அல்லது க்யூஆர் குறி இருக்கும். அதை வைத்து வழங்கிய அமைப்பிடமே சரிபார்க்கலாம். 'ஐஎஸ்ஓ தரச்சான்று பெற்ற நிறுவனம்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தால் ஏமாற வேண்டாம். அது அந்த நிறுவனத்தின் நிர்வாக முறையைப் பற்றியது; உங்கள் கைத்திறனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அழகுசாதன நிறுவனங்கள் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து வழங்கும் தாள்களும் அந்தந்தப் பொருளுக்கு மட்டுமே செல்லும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பியூட்டிஷியனும் ஹேர் ஸ்டைலிஸ்டும் தனித்தனித் தகுதிகள். த்ரெட்டிங், வாக்சிங், ஃபேஷியல் படித்த சான்றிதழ் முடிக்கு ரசாயனம் போடும் வேலைக்குச் செல்லாது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் அதுதான்.

செய்து பழகிய வேலைக்கு மறுபடி வகுப்பில் உட்காராமல் தகுதி பெறும் வழிக்கு ஆர்.பி.எல். என்று பெயர். முன்பே கற்றதை மதிப்பிட்டு அங்கீகரிப்பது அது. இந்தியாவின் திறன் தகுதிக் கட்டமைப்பிலும் இலங்கையின் தேசியத் தொழில் தகுதி முறையான என்.வி.கியூ.விலும் இந்த வழி இருக்கிறது. மதிப்பீட்டாளர் முன் நீங்கள் வேலை செய்து காட்ட வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், அனுபவத்துக்கு ஆதாரம் தர வேண்டும். உதவியாளர் நிலையா, தனியாக வேலை செய்யும் நிலையா என்பதைப் பார்த்து விண்ணப்பியுங்கள். இலங்கையில் என்.வி.கியூ. 4 என்றால் மேற்பார்வை இல்லாமல் தனித்து வேலை செய்யத் தெரிந்தவர் என்று பொருள். சொந்தமாகத் திறக்க நினைப்பவர் அந்த அளவுக்கு எட்டத்தான் வேண்டும். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் அந்த நாட்டு விதியை முதலில் பாருங்கள். அமெரிக்க மாநிலங்களில் குறிப்பிட்ட மணிநேரப் பயிற்சியும் உரிமமும் இல்லாமல் முடி வெட்டும் தொழிலுக்குள் நுழையவே முடியாது. பிரிட்டனில் முடி வெட்ட அப்படியொரு கட்டாய உரிமம் கிடையாது. ஆனால் சலூன்களும் காப்பீட்டு நிறுவனங்களும் தகுதிச் சான்றைக் கேட்கும்.

சான்றிதழ் உங்களை நேர்காணல் வரை கொண்டுபோய்விடும். வேலை கிடைப்பது சலூனில் ஒரு மாடலுக்கு வேலை செய்து காட்டும் டிரையலில்தான். அங்கே முடிவு அழகாக வந்ததா என்பதைவிட, நீங்கள் வேலையைத் தொடங்கும் விதத்தைத்தான் பார்ப்பார்கள். கை கழுவினீர்களா, கத்தரியை எடுக்கும் முன் வாடிக்கையாளரிடம் பேசினீர்களா, முடியைப் பகுதி பிரித்து வெட்டினீர்களா, வெட்டி முடித்தபின் குறுக்கே எடுத்து அளவு சரிபார்த்தீர்களா, வாக்ஸ் தொட்ட குச்சியையே மறுபடி டப்பாவுக்குள் விட்டீர்களா. பார்த்துப் பழகியவர்கள் இந்தக் கடைசி இடத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

கலர் தெரியும் என்று சொன்னால் நிச்சயம் ஒரு சிக்கலைக் கொடுத்துக் கேட்பார்கள். நான் கேட்பது இது: வேரிலிருந்து ஒன்றரை அங்குலம் இயற்கை முடி, அதில் பாதி நரை. மீதி நீளம் முழுவதும் ஏற்கெனவே கருப்பு டை போட்டது. வாடிக்கையாளர் முடி முழுவதையும் நடுத்தரப் பழுப்பாகக் கேட்கிறார். என்ன செய்வீர்கள்?

பலரும் பழுப்பு கலரை 20 வால்யூம் டெவலப்பரில், அதாவது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் கலந்து முழுவதும் பூசுவேன் என்பார்கள். அலசிப் பார்த்தால் வேர் பழுப்பாகப் பளிச்சென்று நிற்கும்; நீளம் பழைய கருப்பாகவே இருக்கும். பெராக்சைடு இயற்கை நிறமியை வெளிறச் செய்யும்; ஏற்கெனவே முடிக்குள் இறங்கிய செயற்கைச் சாயத்தைப் புதிய கலரால் தூக்க முடியாது. சிலர் உடனே 40 வால்யூமுக்குப் போவார்கள். அது 12 சதவீதம். நீளம் அப்போதும் அசையாது; வேர் ஆரஞ்சாகும், தலைத்தோல் எரியும்.

நான் எதிர்பார்க்கும் பதில் கேள்விகளில் தொடங்கும். கருப்பு எதில் வந்தது, டையா, மருதாணிப் பொடியா? சில பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அது பெராக்சைடோடு சேர்ந்தால் சூடேறி முடி பொசுங்கும். அதனால் ஒரு சிறு கற்றையில் ஸ்ட்ராண்ட் டெஸ்ட் செய்து பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கும் பேட்ச் டெஸ்ட் காதுக்குப் பின்னால் வைத்து 48 மணி நேரம் ஆயிற்றா என்று கேட்க வேண்டும். சிவந்தாலோ அரித்தாலோ கலர் கிடையாது. எல்லாம் சரியாக இருந்தாலும், நீளத்துக் கருப்பை முதலில் கலர் ரிமூவராலோ பிளீச்சாலோ படிப்படியாக எடுக்க வேண்டும், ஒரே நாளில் முடியாமலும் போகலாம் என்பதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டிரையலுக்கு வந்த மாடலிடம் பேட்ச் டெஸ்ட் எப்போது செய்தது என்று கேட்பவரை, கலர் கிண்ணத்தைத் தொடாமலேயே வேலைக்கு எடுக்கலாம்.

சொந்த சலூன் என்று வரும்போது இரண்டு தாள்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உள்ளாட்சி அமைப்பு தரும் தொழில் உரிமம் இடத்துக்கானது. தகுதிச் சான்று ஆளுக்கானது. ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஆகிவிடாது. காப்பீடு எடுக்கும்போது பாலிசியில் சிகிச்சைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சான்று இல்லாத வேலையில் வாடிக்கையாளரின் தோல் வெந்துபோனால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமிருக்கிறது. ஆகவே பெயர்ப்பலகையில் எழுதும் சேவைகள் உங்கள் சான்றிதழ்களில் உள்ளவையாக மட்டும் இருக்கட்டும். முடிக்கான தகுதி வரும்வரை, அந்தத் தகுதி உள்ள ஒரு ஸ்டைலிஸ்டை வேலைக்கு வைத்துக் கலர் வேலையை அவரிடம் விடுங்கள்.

இப்போது இருக்கும் பார்லரை உடனே விட்டுவிட வேண்டாம். முதலாளியிடம் எந்தெந்த வேலை, எவ்வளவு காலம் செய்தீர்கள் என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு கலருக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்: பேட்ச் டெஸ்ட் தேதி, முடியின் முந்தைய வரலாறு, கலர் எண், டெவலப்பர் அளவு, வைத்திருந்த நேரம், வந்த முடிவு. வாடிக்கையாளர் சம்மதித்தால் முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.பி.எல். மதிப்பீட்டாளரிடம் இது ஆதாரமாகும். டிரையலில் உங்கள் வேலையைக் காட்டவும் இதே அட்டைகள்தான் கைகொடுக்கும்.