(2x − 3)^10 விரிவில் x^7-இன் கெழு

பினாங்கில் எஸ்டிபிஎம் படிக்கிறேன். (2x − 3)^10 விரிவில் x^7-இன் கெழு எனக்கு −6480 வருகிறது, விடைப்பகுதியில் −414720. எங்கே தவறு?

உங்கள் 2, அடுக்கிலிருந்து தப்பிவிட்டது. பொது உறுப்பு C(10, r)(2x)^(10−r)(−3)^r. x-இன் அடுக்கு 7 ஆக வேண்டுமானால் r = 3. C(10, 3) என்பது (10·9·8)/(3·2·1) = 120; இதற்காகப் பாஸ்கல் முக்கோணத்தை வரிசை வரிசையாக எழுதுவது வீண் வேலை. அடுத்து (2x)^7. அடைப்புக்குள் இருக்கும் 2-க்கும் ஏழாம் அடுக்கு உண்டு, ஆகவே 128x^7. நீங்கள் 2x^7 என்று எடுத்திருக்கிறீர்கள். −6480-ஐ 64-ஆல் பெருக்கிப் பாருங்கள், −414720 கிடைக்கும். (−3)^3 = −27 என்பதைச் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். முழு விரிவையும் எழுத நேர்ந்தால் x = 1 எனப் பிரதியிடுங்கள்: கெழுக்களின் கூட்டுத்தொகை (−1)^10, அதாவது 1 வர வேண்டும்.