ரீல்ஸ் விளம்பரத்தின் முதல் மூன்று விநாடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொடக்க வரியில் எத்தனை சொற்கள் இருக்கலாம்?

பேசுவதற்கு ஆறு அல்லது ஏழு, திரையில் எழுத்தாகக் காட்டுவதற்கு நான்கு அல்லது ஐந்து. எழுதியதைக் கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படியுங்கள்.

என் ரீல்ஸ் விளம்பரத்தை யாரும் பார்ப்பதில்லை. என்ன செய்வது?

என்ன பொருள், யாருக்கு விற்கிறீர்கள், முதல் காட்சியில் என்ன தெரிகிறது என்று ஒன்றையும் எழுதாமல் கேட்டால் நான் எதைத் திருத்துவது? ஒலியை அணைத்துவிட்டு வீடியோவை ஒருமுறை பாருங்கள். மூன்று விநாடிக்குள் அது எதைப் பற்றியது என்று உங்களுக்கே புரியாவிட்டால், பிறருக்கும் புரியாது.

எங்கள் தையல் வகுப்பின் விளம்பரம் லோகோவுடனும் வணக்கத்துடனும் தொடங்குகிறது. பெயர் மனத்தில் பதிய வேண்டாமா?

பதிய வேண்டும், ஆனால் பெயரைப் பார்க்கும்வரை ஆள் நிற்க வேண்டுமே! இதைப் பலமுறை எழுதியும், லோகோ சுழன்று வரும் தொடக்கங்களே எனக்கு வந்து குவிகின்றன. லோகோவுக்கு இரண்டு விநாடி, "வணக்கம், எங்கள் தையல் வகுப்புக்கு உங்களை வரவேற்கிறோம்" என்பதற்கு இன்னும் இரண்டு விநாடி என்று கழிந்தபின், பார்ப்பவருக்குத் தன்னைப் பற்றிய செய்தி எதுவும் கிடைத்திருக்காது. உங்கள் மாணவிகள் அடிக்கடி சொல்லும் குறை எது? பிளவுஸ் தோளில் நிற்காமல் நழுவுவது என்றால், அதையே முதல் காட்சியாக வையுங்கள். ஒரு பெண் நழுவும் தோளை இழுத்துவிடுகிறார், திரையில் "பிளவுஸ் தோள் நழுவுகிறதா?" என்ற எழுத்து, குரலில் "தைத்தது சரிதான், கழுத்து அளவுதான் தவறு." அசைவு முதல் நொடியிலேயே தொடங்கிவிட வேண்டும், அவர் நடந்து வந்து நிற்கும்வரை கேமரா காத்திருக்கக் கூடாது. நான்காவது விநாடியில் அளவு நாடாவுடன் ஆசிரியர் வரட்டும். வகுப்பின் பெயரை அவர் பின்னால் சுவரில் எழுதி வைத்தால் போதும். இதையும் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

எழுத்தைத் திரையில் எங்கே வைப்பது?

நடுவிலோ, அதற்குச் சற்று மேலேயோ. அடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கணக்குப் பெயரும் விளக்கவரியும் பொத்தான்களும் மறைத்துவிடும்.

மூன்று விநாடியைக் கடந்து பார்ப்பவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஆனால் ஆர்டர் வரவில்லை. ஏன்?

"இதைப் பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள்" என்று தொடங்கிச் சமையல் எண்ணெய் விற்றால் அப்படித்தான் நடக்கும், ஏனெனில் அந்த வரி எண்ணெய் வாங்குபவரை அல்ல, வேடிக்கை பார்ப்பவரையே நிறுத்துகிறது. மூன்று விநாடி பார்வைகளை, விளம்பரம் திரையில் தோன்றிய எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். ஐந்தாறு விநாடியில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்பதையும் பாருங்கள். அங்கே சரிவு செங்குத்தாக இருந்தால், தொடக்கம் சொன்னதை அடுத்த காட்சி தரவில்லை என்று பொருள். மீதி வீடியோவை அப்படியே வைத்துக்கொண்டு தொடக்கத்தை மட்டும் மாற்றி, இரண்டையும் ஒரே செலவில் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். இரண்டையும் வெளியிடுமுன் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.