எல்லாருக்கும் ஒரே வணக்கம்: வரவேற்பு ரோபோ பற்றிச் சில கேள்விகள்

வரவேற்பு ரோபோக்களையும் கடை கியோஸ்க்குகளையும் பொருத்திக் கொடுப்பது என் வேலை. அப்புறம் அவற்றின் மேல் வரும் புகார்களைக் கேட்டுக்கொள்வதும் என் வேலைதான். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த முதல் வணக்கத்தைப் பற்றியே இருந்ததால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மருந்துக்கடை வைத்திருப்பவர்: வாசலில் வைத்த கியோஸ்க் எல்லாருக்கும் ஒரே வணக்கம் சொல்கிறது. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். வாசகத்தை மாற்றினால் சரியாகுமா?

வாசகம் இருக்கட்டும். ஒரு மணி நேரம் ஓரமாக நின்று, அது யாரிடம், எந்த நொடியில் பேசுகிறது என்று பாருங்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் நாள் முழுக்க ஒரே "வாங்க"வைத்தான் சொல்கிறார், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்வதற்கு முன் அவர் தலை நிமிர்கிறது, கண் உங்கள் மேல் படுகிறது. "வந்ததைப் பார்த்துவிட்டேன்" என்ற செய்தி அந்தக் கண்ணில் இருக்கிறது, சொல் அதற்குப் பின்னால் வருவதுதான். இயந்திரத்திடம் சொல் மட்டும் வருகிறது. அது சரியான நேரத்தில் வந்துவிட்டால் பார்த்ததாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம், சிரிக்கிறோம். தப்பான நேரத்தில் வந்தால், அது நம்மைப் பார்க்கவே இல்லை என்பது அம்பலமாகிவிடுகிறது.

உங்கள் கியோஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் மலிவான அசைவு சென்சாராக இருக்கும், கழிப்பறை விளக்கைத் தானாகப் போடுமே, அந்த வகை. உடல் சூடு நகர்வதைத்தான் அது உணரும். வருகிறவரா, போகிறவரா என்று அதற்குத் தெரியாது. இதைவிட மோசமான ஒன்று: குறுக்கே நடப்பவரை அது சட்டென்று பிடித்துவிடும், நேராகத் தன்னை நோக்கி வருபவரை அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது. அதனால் சும்மா தாண்டிப் போகிறவருக்கு உடனே வணக்கம் கிடைக்கிறது. உங்களிடம் மருந்து வாங்க வந்தவருக்குத் தாமதமாக, சில சமயம் அவர் முதுகுக்குக் கிடைக்கிறது. சிரித்தவர்களும் சுளித்தவர்களும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்று குறித்துப் பாருங்கள்.

துணிக்கடை மேலாளர்: நாங்கள் பத்து விதமான வணக்கம் பதிவு செய்து மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தோம். திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்பதுதானே எரிச்சல்?

தினமும் வருகிறவர்களுக்கும் உங்கள் ஊழியர்களுக்கும் அது உண்மைதான். முதல் தடவை வருகிறவர் ஒன்றைத்தான் கேட்கிறார், அவருக்குப் பத்தும் ஒன்றும் சமம். ஆனால் இதில் புதிதாக ஒரு சங்கடம் முளைக்கும். அடுத்தடுத்து நுழைகிற இரண்டு பேரில் ஒருவருக்கு "உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி", பின்னால் வந்தவருக்கு வெறும் "வணக்கம்" என்றால், இரண்டாமவர் அதைக் கணக்கில் வைத்துக்கொள்வார். சீட்டுக் குலுக்கிப் போட்டதுதான் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பிடிக்காது.

பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்: எங்கள் வரவேற்பு ரோபோவைப் பார்த்து ஒரு அம்மா அழுதுவிட்டார். மேலிடத்தில் "அவர் ஏற்கனவே மனம் சரியில்லாதவர்" என்று முடித்துவிட்டார்கள். உண்மையில் ரோபோ மேல் தப்பு இல்லையா?

இதே மாதிரி ஒன்றை நானே பொருத்தி, நானே சரி செய்திருக்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே வாசகம் "வணக்கம், இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்". வாசலும் ரிப்போர்ட் வாங்கும் ஜன்னலும் ரோபோவின் ஒரே பக்கத்தில் இருந்தன. உள்ளே வருகிறவர்களை மனதில் வைத்துத்தான் அதை நிறுத்தினோம். நடந்தது என்னவென்றால், கையில் ரிப்போர்ட்டோடு வெளியே போகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் குறுக்கே நடந்தார்கள். மோசமான செய்தியைப் படித்துக்கொண்டே போகிறவரைப் பார்த்து அது உற்சாகமாக இனிய நாள் சொன்னது. ரிசப்ஷனில் இருந்த பெண் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டிருப்பார்.

சரி செய்தது மூன்று இடத்தில். அசைவு சென்சாரைக் கழற்றிவிட்டுத் தூரம் அளக்கும் சென்சார் போட்டோம். ஒருவர் இரண்டு மீட்டருக்குள் வந்து, தூரம் குறைந்துகொண்டே இருந்தால் மட்டும் அது விழிக்கும், தூரம் கூடினால் பேசாது. இரண்டாவது, ஒருமுறை பேசியபின் முன்னால் இருக்கும் ஆள் விலகும்வரை மறுபடி பேசக்கூடாது என்று வைத்தோம். அதுவரை, குனிந்து பையில் எதையோ தேடி நிமிர்ந்தவருக்கெல்லாம் இன்னொரு வணக்கம் கிடைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவதாகத்தான் வாசகம்: "வணக்கம். டோக்கன் இங்கே." அவ்வளவுதான். நாள் எப்படி அமையும் என்று அதற்குத் தெரியாது, அதனால் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அந்த அம்மாவின் விஷயத்தில் உங்கள் மேலிடம் சொன்னது பாதிதான். மனம் சரியில்லாதவர்கள் வருகிற இடம் அது. அங்கே வைக்கிற இயந்திரம் அதற்குத் தகுந்தபடிதான் இருக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்: மனித முகம் மாதிரி இருந்தால்தானே இந்தப் பயம்? முகம் இல்லாத கியோஸ்க் என்றால் பிரச்சினையே இல்லையே?

ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதியதை வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏறக்குறைய மனிதனாக இருந்து, முழுக்க அப்படி இல்லாத உருவம் ஒரு கட்டத்தில் ஒருவித அச்சத்தைக் கிளப்பும் என்றார் அவர். அது தோற்றத்தையும் அசைவையும் பற்றியது. மேலே சொன்ன மருந்துக்கடை கியோஸ்க்குக்கு முகமே கிடையாது, இருந்தும் ஆட்கள் சுளிக்கிறார்கள். முகம் வைத்தால் எதிர்பார்ப்பு ஏறும், தப்பு நடந்தால் விழுகிற உயரமும் கூடும், இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

ஆளைப் பொறுத்தும் மாறும். கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 2003 முதல் ஒரு வரவேற்பு ரோபோ இருந்தது. அதனிடம் விசைப்பலகையில் தட்டிப் பேச வேண்டும். அந்தப் பேச்சுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் 2010இல் வெளியிட்டதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. முதலில் வணக்கம் தட்டியவர்கள் அப்புறமும் ஆளிடம் பேசுவதுபோலவே மரியாதையாகத் தட்டினார்கள். வணக்கம் சொல்லாதவர்கள் தகவல் பெட்டியிடம் கேட்பதுபோல் சுருக்கமாகக் கேட்டார்கள். ஒரே ரோபோ, இரண்டு வகை மனிதர்கள். முதல் வகையினரைத்தான் நிலையான வணக்கம் மகிழ்விக்கும். ஆனால் பதிலுக்கு வணக்கம் சொல்லி, இயந்திரம் கண்டுகொள்ளவில்லை என்றால் அதிகம் காயப்படுவதும் அவர்கள்தான். தொடுதிரை மட்டும் உள்ள கியோஸ்க்கைக் குரலில் பேச வைத்தால் இதுதான் நடக்கும். காது இல்லாத பெட்டிக்கு வாய் எதற்கு?

பேச்சுத் தொழில்நுட்பத்தில் இருப்பவர்: ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க எடுக்கும் இடைவெளி சராசரியாக 0.2 நொடி. நீங்கள் ஆள் நெருங்குவதை உறுதி செய்துகொண்டு பேசச் சொல்கிறீர்கள். அதற்குள் ஒரு நொடி போய்விடும், வணக்கம் முதுகுக்குத்தான் போகும்.

சரியான அடி. எங்கள் முதல் முயற்சியிலும் அப்படித்தான் ஆனது. அப்புறம் வேலையை இரண்டாகப் பிரித்தோம். மனிதர்கள் எப்படி வரவேற்கிறார்கள் என்று படம்பிடித்து ஆராய்ந்த கெண்டனும் ஃபெர்பரும் 1973இல் எழுதியது இதற்கு உதவியது. தூரத்தில் ஒரு பார்வை அல்லது கையசைப்பு, நெருங்கும்போது கண்ணைக் கொஞ்சம் விலக்கிக்கொள்வது, பக்கத்தில் வந்ததும் பேச்சு. அதனால் நாங்கள் தூரத்தில் ஆள் தெரிந்த உடனே திரை மெல்ல ஒளிர வைத்தோம், ரோபோ என்றால் தலை திரும்பும். தப்பான ஆளாக இருந்தாலும் யாரும் அதைக் குத்தமாக எடுப்பதில்லை. குரல், ஆள் நின்ற பிறகுதான். நீங்கள் சொல்லும் 0.2 நொடி பேச்சு தொடங்கிய பிறகு வருகிற கணக்கு. வணக்கத்துக்கு முன்னால் கண் பேசுகிற நேரம் ஒன்று இருக்கிறது, அது கைகொடுக்கிறது. கூட்டம் நெருக்கியடித்து நுழைகிற இடத்தில் இதுவும் குழம்பிவிடும், அதை நான் இன்னும் தீர்க்கவில்லை. அங்கே குரலை அணைத்துவிடுகிறேன்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: போனில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று அரை மணி நேரம் சொல்கிறார்களே, அதை எப்படி நிறுத்துவது?

அது என் துறை இல்லை, உங்கள் கோபம் புரிகிறது. போனில் நகர முடியாது, கடையில் நடந்து போய்விடலாம். கியோஸ்க்கின் ஒரே நல்ல குணம் அதுதானோ என்னவோ.

கூச்ச சுபாவம் உள்ளவர்: எனக்குப் பிடித்ததே அந்த மாறாத வணக்கம்தான். என்னை எடை போடாது, பதில் சொல்ல வேண்டாம், நேற்றுப் போட்ட சட்டையையே போட்டிருக்கிறேன் என்று நினைக்காது. அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

கெடுக்க மாட்டேன். முகத்தை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு வருகிற முதலாளிகளிடம் உங்களைப் போன்றவர்களைத்தான் எடுத்துச் சொல்கிறேன். பார்த்தது தெரிய வேண்டும், யாரென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ரிசப்ஷனில் உட்கார்பவர்: ஒரு நாளைக்குச் சில நூறு தடவை அந்தக் குரலைக் கேட்கிறேன். வீட்டில் தூங்கும்போதும் கேட்கிறது. சிரிக்காதீர்கள்.

சிரிக்கவில்லை. எங்காவது பழுது பார்க்கப் போனால் நான் முதலில் பார்ப்பது ஸ்பீக்கர் துளையில் செலோடேப் ஒட்டியிருக்கிறதா என்பதைத்தான். ஒட்டியிருந்தால் அந்த ஒலியளவை வைத்தது நான், தாங்கிக்கொண்டது ஊழியர். ஸ்பீக்கரை உங்கள் பக்கம் திருப்பாமல், வருகிறவர் நிற்கும் இடத்தை நோக்கிக் கீழே சாய்க்கச் சொல்லுங்கள், அவர் காதுக்கு எட்டும் அளவுக்குச் சத்தத்தையும் குறைக்கச் சொல்லுங்கள். டேப்பைவிட அது நல்லது.

பார்வையற்ற வாசகர்: குரலை அணைப்பதாக, ஒளியை முன்னால் வைப்பதாகச் சொன்னீர்கள். எனக்கு அந்தச் சலிப்பூட்டும் வணக்கம்தான் மேஜை எந்தப் பக்கம் என்று சொல்கிறது. எப்போதும் அதே குரல், அதே சொல், அதே இடம் என்பதால்தான் அது எனக்கு உதவுகிறது. ஒரு இடத்தில் அதை நிறுத்திவிட்டார்கள், நான் நேராகப் போய் ஒரு நாற்காலியில் மோதினேன்.

இதை நான் யோசிக்கவில்லை. மேலே சொன்ன பரிசோதனைக் கூடத்திலும் யோசிக்கவில்லை. அங்கே போகிறவருக்குப் பேச்சை நிறுத்தியதோடு வருகிறவருக்கும் தாமதப்படுத்திவிட்டோம். நின்ற பிறகுதான் பேசும் என்றால், எங்கே நிற்பது என்று தேடுகிற உங்களுக்கு அது எந்த உதவியும் செய்யாது. சொல் இல்லாத ஒரு மெல்லிய ஒலி, மேஜையிலிருந்து, ஆள் வாசலைத் தாண்டியதும் ஒலித்தால் உங்களுக்குப் போதுமா? ரிப்போர்ட்டோடு போகிறவரை அது குத்தாது என்று நினைக்கிறேன். மேலே எழுதிய ரிசப்ஷன் ஊழியர் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம். அடுத்த வாரம் அந்தக் கூடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, உங்களுக்குச் சம்மதம் என்றால் எந்த மாதிரி ஒலி என்று எழுதுங்கள், அதையே போட்டுப் பார்க்கிறேன்.