வெண்பலகைப் படத்தில் முடியாத அம்புகள்

“யாழ்ப்பாணத்தில் பனம்பொருள் விற்பனைத் தளம் செய்கிறோம். தளம் இயங்கும் விதத்தைப் பெட்டிகளும் அம்புகளுமாக வரைந்த வெண்பலகையைக் குழுவினர் படமெடுத்து அனுப்பி, ‘ஒழுங்குபடுத்தித் தாருங்கள்’ என்று மட்டும் சொன்னார்கள். பாதி அம்புகள் முடியவில்லை. நானே நிரப்பலாமா?”

நிரப்ப வேண்டாம். இருப்பதை மட்டும் நேராக வரைந்து, முடியாத அம்பின் நுனியில் கேள்விக்குறி இடுங்கள். ‘கட்டணம்’ பெட்டியிலிருந்து கிளம்பும் அம்பு எங்கும் சேரவில்லை என்றால், கட்டணம் தவறினால் என்ன செய்வது என்று அவர்கள் இன்னும் முடிவெடுக்காமல் இருக்கலாம். நீங்கள் அதை ‘இருப்பு’ பெட்டியில் சேர்த்துவிட்டால், எடுக்காத முடிவு எடுத்ததாகிவிடும்.

முதலில் படத்தின் ஒளி-இருள் மாறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். அழித்த மையின் மங்கல் தடம் தெரிந்தால், அந்தக் கோடு கைவிடப்பட்டிருக்கலாம். விளக்கொளி பட்டு வெளுத்த இடத்தில் இந்தச் சோதனை உதவாது. வேறு கோணத்தில் எடுத்த படம் கேளுங்கள்.

கோட்டின் நிறத்துக்குப் பொருள் இருப்பதாக நம்பாதீர்கள், கைக்கு அகப்பட்ட பேனாவாக இருக்கலாம். புள்ளிக்கோடு வேண்டுமென்றே போட்டதாக இருக்கலாம், அதை மட்டும் புள்ளிக்கோடாகவே விடுங்கள்.