கிளம்புவதற்கு முன் சொல்வது

அன்பின் அக்கா,
தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் பெண்கள் சங்கம் துணிப்பை தைத்து விற்கிறது. நான்தான் கடிதத் தொடர்புகளைப் பார்க்கிறேன். கொழும்பு நிறுவனம் ஒன்றின் கொள்வனவு அதிகாரி 8ஆம் திகதி புதன் காலை 10 மணிக்கு வருவதாக இருந்தது. முந்தின நாள் பின்னேரம் எங்கள் தலைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இரவு எட்டரைக்கு நிலைமையை விளக்கி, மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒரு ஈமெயில் அனுப்பினேன். “உங்களுக்கு வசதியான ஒரு நாளைச் சொல்லுங்கள்” என்றும் எழுதினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. கினிகத்தேனை தாண்டி வந்த பிறகு போன் எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்து திரும்பிப் போனார். இரண்டு கிழமையாகப் பதிலே இல்லை. என் ஆங்கிலம் சரியில்லாததால் கோபித்துக்கொண்டாரா?
— ஒரு வாசகி

அன்பின் தங்கச்சிக்கு,

ஆங்கிலத்தில் குறை இருந்திருக்காது. சேதி போன நேரமும், போன வழியும்தான் பிரச்சினை.

சந்திப்பு பத்து மணிக்கு என்பது உங்கள் கணக்கு. கொழும்பிலிருந்து வருகிறவருக்கு அந்த நாள் அதிகாலை ஐந்துக்கே தொடங்கிவிடுகிறது. அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன் என்று ஏறி உங்களிடம் வந்து சேர நான்கைந்து மணித்தியாலம் வேண்டும். வாகனத்துக்கும் டிரைவருக்கும் முந்தின நாள் மாலையே சொல்லி வைத்திருப்பார். அதனால் தலைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது தெரிந்தவுடன், அவர் அலுவலகத்தில் இருக்கும்போதே சேதி அவரைச் சேர வேண்டும். இரவு எட்டரைக்கு அலுவலக ஈமெயிலைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. வெளியாள் ஒருவரோடு வைத்த சந்திப்பைக் கடைசி நேரத்தில் பிற்போடும்போது, அவர் எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

இப்படியான நேரத்தில் முதலில் போன்தான். அவருக்குத் தமிழ் வராவிட்டால் சிங்களத்தில் இரண்டு வசனம் போதும், இலக்கணம் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எடுக்கவில்லையா, வட்ஸ்அப்பிலும் சாதாரண எஸ்எம்எஸ்ஸிலும் ஒரே சேதியைப் போடுங்கள். வட்ஸ்அப்பில் ஒற்றைக் குறி நின்றால் அவருடைய போனுக்கே போகவில்லை. இரண்டு சாம்பல் குறி விழுந்தால் போய்ச் சேர்ந்திருக்கிறது, வாசித்தாரா என்பது தெரியாது. அவரிடமிருந்து ஒரு ‘சரி’ வரும்வரை, சேதி போகவில்லை என்றே வைத்துக்கொண்டு அவருடைய அலுவலக இலக்கம், கூட வேலை செய்பவர், டிரைவர் என்று கிடைக்கிற எல்லா வழியிலும் முயலுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் விடியற்காலை நாலரைக்கு மறுபடி போன் எடுக்கலாம். அந்த நேரத்தில் எழுப்பினால் கோபிப்பாரோ என்று நினைக்க வேண்டாம். அவர் எப்படியும் விழித்திருப்பார்.

அப்புறம், அந்தச் சேதி. நீளமான ஈமெயிலில் ‘சந்திப்பு இல்லை’ என்பது கடைசியில் போய் ஒளிந்துகொள்ளும். முதல் வசனத்திலேயே அது வந்துவிட வேண்டும். உங்கள் இடத்தில் நான் இப்படி எழுதியிருப்பேன்:

“வணக்கம் சேர். நாளை 8ஆம் திகதி புதன் காலை 10 மணிக்கு தலவாக்கலையில் இருந்த சந்திப்பை நடத்த முடியாமல் போய்விட்டது. தயவுசெய்து கிளம்ப வேண்டாம். எங்கள் தலைவி அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறார், அவர் இல்லாமல் விலையை முடிவுசெய்ய முடியாது. மாற்று நேரங்களை வெள்ளி பகல் 12 மணிக்கு முன் அனுப்புகிறேன். சிரமத்துக்கு மன்னிக்கவும். இது கிடைத்தால் ‘சரி’ என்று ஒரு பதில் போடுங்கள்.”

காரணம் ஒரே வசனம்தான். என்ன நோய், எந்த வார்டு என்பதெல்லாம் தலைவியின் சொந்த விஷயம், அவரைக் கேட்காமல் வெளியே சொல்லக் கூடாது. இந்தச் சேதியில் புதிய நாள் எதையும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அன்று இரவு தலைவி எப்போது வீட்டுக்கு வருவார் என்று உங்களுக்கே தெரியாது. தெரியாமல் ஒரு நாளைக் கொடுத்து, அதையும் பிற்போட்டால் அதற்குப் பிறகு அவர் உங்களுக்கு நேரம் ஒதுக்கத் தயங்குவார். அதனால் அன்றைய வேலை அவரைத் தடுத்து நிறுத்துவது மட்டும்தான், நாள் குறிப்பது தனி வேலை.

“உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள்” என்பது மரியாதையாகத்தான் தெரிகிறது. ஆனால் தள்ளி வைத்தது நீங்கள், நாள் தேடுகிற வேலையோ அவர் தலையில் விழுகிறது. அவர் ஒரு நாளைச் சொல்ல, அன்றைக்கு உங்கள் ஆட்களுக்கு முடியாமல் போகவும் கூடும். முதலில் உங்கள் பக்கத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். தலைவியிடமோ வீட்டாரிடமோ கேளுங்கள். உங்கள் உறுப்பினர்களில் கொழுந்து பறிக்கிறவர்களும் இருப்பார்களே, வேலை நாளில் பகலில் கூப்பிட்டால் அவர்களுக்கு அன்றைய நாட்சம்பளமான பேர் போய்விடும். அரைப் பேரை விட்டு வர யார் சம்மதிக்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் அந்த நேரத்தை எழுத வேண்டும். கலண்டரில் போயா தினமா என்றும் பாருங்கள். சந்திப்பை நாலரைக்கு வைத்தால் உங்களுக்கு வசதிதான், ஆனால் அவர் இருட்டில், மூடுபனிக்குள் இறங்க வேண்டியிருக்கும்.

அப்படிப் பார்த்த பிறகு இரண்டாவது சேதி ஈமெயிலில் இப்படிப் போயிருக்கலாம்:

“கீழுள்ள மூன்று நேரங்களும் எங்களுக்கு உறுதி. 18ஆம் திகதி சனி காலை 11 மணி, எங்கள் தையல் அறையில். 21ஆம் திகதி செவ்வாய் பிற்பகல் 2 மணி, உங்கள் கொழும்பு அலுவலகத்தில். மாதிரிப் பைகளோடு நாங்கள் வருகிறோம். 23ஆம் திகதி வியாழன் மாலை 5 மணி, வீடியோ அழைப்பில். 13ஆம் திகதி திங்கள் பகல் 12 மணிவரை மூன்றையும் உங்களுக்காக வைத்திருப்போம்.”

கிழமையையும் திகதியையும் சேர்த்தே எழுதுங்கள், ஒன்று பிழைத்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். நடுவில் உள்ளதுதான் எனக்குப் பிடித்த நேரம். சந்திப்பைத் தள்ளியது நாம் என்றால் அந்த மலைப்பாதைப் பயணத்தை இந்த முறை நாம்தான் செய்ய வேண்டும். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ் இருக்கிறது, துணிப்பை மாதிரிகள் ஒரு தோள்பையில் அடங்கிவிடும். காலக்கெடுவும் அவரை அவசரப்படுத்துவதற்கு இல்லை. உங்கள் பெண்கள் மூன்று நாளையும் ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாதே. அவர் ஒன்றைத் தெரிந்தெடுத்ததும் மற்ற இரண்டையும் அன்றைக்கே விட்டுவிடுங்கள். பழைய சந்திப்புக்குக் கலண்டர் அழைப்பு நீங்கள் அனுப்பியிருந்தால் அதிலேயே நேரத்தை மாற்றுங்கள். புதிதாக ஒன்று அனுப்பினால் பழையதும் அவர் போனில் கிடந்து குழப்பும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: இன்னொரு மன்னிப்பு ஈமெயில் வேண்டாம். தலைவி பயணம் போகக்கூடிய அளவுக்குத் தேறிவிட்டாரா என்று முதலில் கேளுங்கள், தேறாவிட்டால் விலை பேச வேறு யாருக்கு அவர் அனுமதி தருகிறார் என்று கேளுங்கள். பிறகு ஒரு வேலை நாளில் காலை பத்து மணிபோல அந்த அதிகாரிக்குப் போன் எடுங்கள். “அன்றைக்கு அவ்வளவு தூரம் வந்து திரும்ப வைத்துவிட்டோம், மன்னிக்க வேண்டும். இந்த முறை நாங்கள் மாதிரிகளோடு கொழும்புக்கு வருகிறோம்” என்று சொல்லி இரண்டு நேரங்களைக் கொடுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றால், எந்த நாளில் திரும்பக் கேட்கலாம் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள். வரச் சொன்னால், முந்தின நாள் மூன்று மணிக்கு ஒரு தரம் போன் எடுத்து உறுதி செய்துகொண்டு பஸ் ஏறுங்கள்.