விலையைச் சொல்லாத டீசர் எப்படி ஆவலைத் தூண்டுகிறது?

"புது போன் டீசர்களில் விலையும் இல்லை, முழு விவரமும் இல்லை. ஆனாலும் எல்லோரும் அதையே பேசுகிறார்களே, எப்படி?"

முழுக்க மறைத்தால் யாருக்கும் ஆவல் வராது. பாதி தெரிந்தால்தான் மீதி உறுத்தும். 1994-இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் இதைத் தகவல் இடைவெளி என்று விளக்கினார்.

2022-இல் வந்த நத்திங் ஃபோன் 1-ஐப் பாருங்கள். ஜூலை 12 அறிமுகத்துக்குச் சில வாரங்கள் முன்பே, உள்ளே இருப்பது தெரியும் பின்பக்கத்தை நிறுவனமே காட்டிவிட்டது. அதில் ஒளிரும் விளக்குக் கோடுகளும் வெளிவந்தன. போன் என்று தெரிகிறது, வித்தியாசமாகவும் இருக்கிறது. என்ன விலைக்குத் தருவார்கள் என்பது பாக்கி. யூகம் அங்கேதான் பிறக்கிறது.

விலையைக் கடைசிவரை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. எண் தெரிந்ததுமே ஆள் வேறு போனோடு ஒப்பிட்டு, வேண்டும் வேண்டாம் என்று முடிவுகட்டிவிடுவார். அதற்குப் பிறகு யூகிக்க எதுவும் இருக்காது.

டீசர் பலிக்கிறதா என்பது கமெண்ட்களிலேயே தெரியும். "எப்போது, எவ்வளவு?" என்று கேட்டால் சரி. "இது என்ன பொருள்?" என்றே கேட்டால் அளவுக்கு மீறி மறைத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் இழுத்தாலும் ஆபத்துதான். இடையில் விவரம் கசிந்துவிட்டால், மிச்ச டீசர்களை யாரும் சீண்ட மாட்டார்கள்.