டம்ளரில் வழியாத தண்ணீர்

கேள்வி: டம்ளரில் ஐஸ் கட்டி போட்டு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஐஸ் முழுக்கக் கரைந்தும் ஒரு சொட்டுகூட வழியவில்லை. அப்புறம் துருவப் பனி உருகினால் கடல் உயரும் என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: நீங்கள் பார்த்தது சரி. ஆனால் அது மிதக்கிற ஐஸ். ஆர்க்டிக் கடலின் மேல் உறைந்து கிடக்கும் பனிக்கு உங்கள் டம்ளர் ஏறக்குறையப் பொருந்தும். அது கரைந்தால் கடல் மட்டம் மிகச் சொற்பமாகத்தான் மாறும். கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் அப்படியல்ல. அங்கே பெரும்பகுதிப் பனி தரைமேல் உட்கார்ந்திருக்கிறது, பல இடங்களில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் கனமாக. அதைச் சோதிக்க வேண்டுமானால் டம்ளருக்குள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் ஐஸை வையுங்கள். கட்டாயம் வழியும்.

உலகின் நன்னீரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்படிப் பனியாகத்தான் இருக்கிறது. கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும். அது பல நூற்றாண்டுகள் பிடிக்கிற வேலை. இன்றைய கணக்கு இது: 36,000 கோடி டன் பனி கடலில் கலந்தால் உலகக் கடல் மட்டம் 1 மில்லிமீட்டர் ஏறும். 2002 முதல் செயற்கைக்கோள்கள் ஈர்ப்புவிசை மாற்றத்தை வைத்து அளந்ததில், கிரீன்லாந்து மட்டும் சராசரியாக ஆண்டுக்கு 27,000 கோடி டன் அளவுக்கு இழந்திருக்கிறது. அதாவது வருடத்துக்கு முக்கால் மில்லிமீட்டர், ஒரே தீவிலிருந்து.

சரி, மிதக்கும் பனி போனால் கவலையில்லையா? அங்கேதான் உங்கள் டம்ளர் உங்களை ஏமாற்றுகிறது. அண்டார்டிகத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் லார்சன் பி என்ற மிதக்கும் பனித்தட்டு இருந்தது. மேற்பரப்பில் உருகிய நீர் குளம் குளமாகத் தேங்கி, விரிசல்களில் இறங்கி, தன் எடையால் அவற்றை அடி வரை பிளந்தது. 2002 தொடக்கத்தில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் பரப்பு ஐந்தே வாரங்களில் நொறுங்கிப்போனது. மிதந்துகொண்டிருந்த பனி என்பதால் அந்த நொறுங்கலால் கடல் உயரவில்லை என்றே சொல்லலாம்.

ஆனால் அந்தத் தட்டு, பின்னால் தரையிலிருந்து இறங்கிவந்த பனியாறுகளைத் தாங்கி நிறுத்தியிருந்தது. தாங்கல் போனதும் ஹெக்டோரியா பனியாறு 2003-க்குள் முன்பைவிடச் சுமார் எட்டு மடங்கு வேகத்தில் கடலுக்குள் பாய்ந்தது. தரையில் இருந்த பனி கடலுக்கு வந்தால் மட்டம் ஏறத்தானே செய்யும்? பனியாறு வேகமெடுத்தது வெயிலின் வேலை, தட்டு உடைந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் சற்றுத் தெற்கே, அதே வானிலையில், பனித்தட்டின் மிச்சப்பகுதி தாங்கி நின்ற ஃப்ளாஸ்க், லெப்பார்டு என்ற இரண்டு பனியாறுகளும் அப்போது அப்படி வேகமெடுக்கவில்லை.